'நன்றி' பக்கத்துக்கு அப்புறம்

எங்கள் பெற்றோர் குழுவில் ஒரு சட்டம் உண்டு. யாரும் நன்றி சொல்லக் கூடாது. கைகூப்பும் படம், பூங்கொத்து, கட்டைவிரல், "மிக்க நன்றி மேடம்", எதற்கும் அனுமதி இல்லை. மீறிப் போட்டால் குழுவை நடத்தும் அம்மா அதை உடனே அழித்துவிடுவார். என்னுடையதை முதன்முறை அழித்தபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னால் அதைத் தூக்கிக் குப்பையில் போடுவதா? அன்று டிப்போவில் என்னோடு டீ குடித்தவர்கள் எல்லாரும் அந்த அம்மாவைப் பற்றிய என் கருத்தைக் கேட்டார்கள். அதை இங்கே எழுத முடியாது.

அதே அம்மாவைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். குழுவில் சொல்ல வழியில்லாத ஒன்றை வேறு எங்கே போய்ச் சொல்வது?

நான் பஸ் ஓட்டுகிறவன். என் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. அவளுக்குக் காலை முறை என்றால் எனக்கு மாலை, எனக்குக் காலை என்றால் அவளுக்கு மாலை. எங்கள் ஒரே மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைக்கிற நேரத்தில் நாங்கள் இருவருமே யாரோ ஒருவருடைய அவசரத்தைச் சுமந்துகொண்டு வேறெங்கோ இருப்போம். அதனால் கூட்டத்தில் என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரிய வருவது குழுவின் வழியாகத்தான்.

முன்பு குழுவை நடத்தியவர் ஒரு கணக்காளர். நல்ல மனிதர், ஆனால் எதையும் விட மனசு வராது. கூட்டத்தில் திரையில் ஓடுகிற ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து அப்படியே அனுப்பிவிடுவார். முன்னால் உட்கார்ந்திருப்பவரின் வழுக்கைத் தலை பாதி, ஸ்லைடு பாதி. பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து கலங்கிவிடும். அதற்குக் கீழே நாற்பது பேர் நன்றி சொல்வார்கள். இரண்டு பேர் காலை வணக்கம் சொல்வார்கள். யாரோ ஒருவர் "கட்டணம் எப்ப கட்டணும்?" என்று கேட்பார், "மேலே பாருங்க" என்று பதில் வரும். மேலே போய்ப் பார்த்தால் பூங்கொத்துதான் இருக்கும்.

கணக்காளரின் மகன் வேறு பள்ளிக்கு மாறிப் போனதும் புதிய பிரதிநிதி தேவைப்பட்டது. கூட்டத்தில் யாரும் கை தூக்கவில்லை. எல்லாரும் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கடைசி வரிசையில் ஒரு அம்மா, மின்விசிறியைப் போடச் சொல்வதற்காகக் கையைத் தூக்கியிருக்கிறார். சுற்றி இருந்தவர்கள் தட்டினார்கள் பாருங்கள் கையை! அந்த அம்மாவும் எழுந்து நின்று, "சரி. ஆனா மொதல்ல ஃபேனைப் போடுங்க" என்றாராம். பதவி ஏற்பு அவ்வளவுதான்.

இவர் கடைத்தெரு முனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். என் பஸ் நிற்கிற நிறுத்தத்துக்கு நேர் எதிரே கடை. கண்ணாடிப் பெட்டி வைத்த முகப்பு, இன்சுலின் வைக்கிற குளிர்பெட்டியின் முணுமுணுப்பு, கயிற்றில் தொங்கும் கத்தரிக்கோல். கணவர் மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போகிறவர், மகன் என் மகளோடு ஒரே வகுப்பு. அந்தக் கடையில் மாத்திரை வாங்கியவர்களுக்குத் தெரியும், பேச்சு அளந்துதான் வரும். சின்னக் காகித உறையில் மாத்திரையைப் போட்டு, மேலே பேனாவால் ஒரு முழுச் சூரியன், ஒரு நிலா வரைந்து கொடுப்பார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. படிக்கத் தெரிந்தவருக்கும் அதே சூரியன்தான். "காய்ச்சல்ல படுத்திருக்கிறவங்களுக்கு எழுத்து எதுக்கு?" என்பார்.

பொறுப்பேற்ற அன்றே போட்டார் சட்டத்தை. "இந்தக் குழுவில் நான் மட்டும் எழுதுவேன் என்று வைக்கப்போவதில்லை. சந்தேகம் கேளுங்கள். நன்றி மட்டும் வேண்டாம். நீங்கள் ஒவ்வொருவரும் நன்றி சொன்னால் செய்தி மேலே போய்விடும், பஸ்ஸில் நின்றுகொண்டு பார்ப்பவருக்குக் கிடைக்காது." நான் அதை நம்பாமல் ஒரு நன்றி போட்டேன். அழித்தார். கதை அங்கிருந்துதான் ஆரம்பம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் அவருடைய செய்தி வந்ததும் நான் முதல் ஆளாகப் படிப்பேன். ஒரு நிறுத்தத்தில் ஆள் ஏறி இறங்குவதற்குள் படித்து முடித்துவிடலாம், அவ்வளவு சின்னது. என்ன செய்ய வேண்டும், எதற்குள், எங்கே, யார் வர வேண்டும். தேதி போட்டால் பக்கத்தில் கிழமை இருக்கும். பள்ளியின் தொலைநோக்கு, புதிய கட்டடத்தின் படம், முதல்வரின் பொன்மொழி எதுவும் இருக்காது. அவர் எப்படி எழுதுகிறார் என்று பிற்பாடு நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு ஸ்லைடையும் பார்த்து ஒரே கேள்வி கேட்பாராம்: இதைப் படித்துவிட்டுப் பெற்றவர்கள் ஏதாவது செய்யணுமா? செய்யணும் என்றால் செய்தியில் வரும். வேண்டாம் என்றால், "முழுசும் வேணும்னா ஆபீஸ்ல கேளுங்க" என்ற கடைசி வரிக்குள் அடங்கிவிடும். அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார். மூச்சு வாங்கினால் வாக்கியத்தை வெட்டுவார்.

இனி என் மகளைப் பற்றி.

அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை குறைவு. கண்ணாடி போட்டாலும் சாதாரண அச்செழுத்து அவளுக்கு எறும்புச் சாரிதான். பெரிய எழுத்தில் கொடுத்தால் வெளுத்து வாங்குவாள். வாயும் அப்படித்தான், அம்மாவைக் கொண்டு பிறந்தவள். எட்டாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்து, எல்லாத் தேர்விலும் அவளுக்குப் பெரிய எழுத்து வினாத்தாளும் கொஞ்சம் கூடுதல் நேரமும் வாங்கிவிட்டோம். ஒருமுறை மாதத் தேர்வில் அவளுடைய பிரதியை அச்செடுக்க மறந்துவிட்டார்கள். சாதாரணத் தாளை மூக்கு உரச வைத்துப் படித்திருக்கிறாள். பாதிக் கேள்விதான் எழுத முடிந்தது. வீட்டுக்கு வந்தவள் வாய் திறக்கவில்லை. பேசாத பிள்ளை பேசாமல் இருந்தால் தெரியாது, எங்கள் பிள்ளை பேசாமல் இருந்தால் வீடே நின்றுபோகும். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "தெரிஞ்ச கேள்விதாம்ப்பா எல்லாம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்த வருடம் பொதுத் தேர்வு. இது பள்ளிக்கூடம் நடத்துவது அல்ல, தேர்வு வாரியம் நடத்துவது. எனக்கு அந்த வித்தியாசம் உறைக்கவில்லை. அனுமதிதான் இருக்கிறதே, அது பாட்டுக்குத் தொடரும் என்று இருந்துவிட்டேன்.

தேர்வைப் பற்றிய கூட்டம் ஒரு சனிக்கிழமை நடந்தது. வழக்கம்போல நாங்கள் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் செய்தி வந்தது.

"பொதுத் தேர்வுக் கூட்டம். நாம் செய்ய வேண்டியது மட்டும்:
பெயர், பிறந்த தேதி, போட்டோ சரியா என்று பள்ளி ஆபீஸில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா, அம்மா யாராவது ஒருவர் போதும். கடைசி நாள் வரும் வெள்ளி.
மாலைச் சிறப்பு வகுப்பு அடுத்த திங்கள் முதல். வேண்டாம் என்பவர்கள் மட்டும் எழுதிக் கொடுக்கவும்.
தேர்வு அறைக்குள் போன், ஸ்மார்ட் வாட்ச் கூடாது. சாதாரணக் கடிகாரம் கட்டலாம்.
தேர்வு அட்டவணை தனியாக வரும். இப்போது சுற்றிக்கொண்டிருப்பது பழையது, நம்ப வேண்டாம்.
முழுசும் வேண்டுமென்றால் ஆபீஸில் கேளுங்கள்."

படித்தேன். கையெழுத்து ஒன்றுதான் நம் வேலை, வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு, போய்ப் போட்டுவிடலாம். மகளுக்குப் போன் செய்து, "எல்லாம் சரியா இருக்கு, நீ படிக்கிற வேலையைப் பாரு" என்றேன். "நான் படிக்கிறேன், நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள். வண்டி நின்றுகொண்டிருக்கிறது என்று சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள்.

அன்று மதியம் மருந்துக்கடையில் நடந்ததை அந்த அம்மா எனக்குப் பிற்பாடு சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

ஒரு பெரியவர் மருந்துச் சீட்டோடு வந்தார். சீட்டில் எழுதியிருந்த மூன்று மருந்தையும் எடுத்து, உறையில் சூரியன் நிலா போட்டு, காசு வாங்கி, சீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பெரியவர் சீட்டை மடிக்கிறபோது பின்பக்கம் தெரிந்தது. பின்னாலும் எழுத்து. டாக்டர் இடம் பற்றாமல் கடைசி மருந்தைப் பின்னால் எழுதியிருக்கிறார்.

"இருங்க, இருங்க. பின்னாடி ஒண்ணு இருக்கு."

"அட, ஆமா. டாக்டர் சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்."

அந்த மருந்தை எடுக்க நீட்டிய அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டதாம். காலையில் அவர் அந்தக் கூட்டத்து ஸ்லைடுகளைப் படித்தது எதுவரை? திரையில் பெரிதாக 'நன்றி' என்று பூப்போட்ட ஸ்லைடு வரும் பாருங்கள், அதுவரை. கூட்டத்திலும் அங்கேதான் நிறுத்தினார்கள். 'நன்றி' வந்ததும் விளக்கைப் போட்டார்கள், நாற்காலி நகர்ந்தது, எல்லாரும் டீக்கு எழுந்துவிட்டார்கள். பள்ளி பிறகு அனுப்பிய கோப்பையும் அவர் 'நன்றி' வரைதான் படித்தார். நன்றி சொன்ன பிறகு யாராவது பேசுவார்களா என்ன?

பெரியவரை அனுப்பிவிட்டுப் போனில் கோப்பைத் திறந்தார். 'நன்றி'யைத் தாண்டி விரலால் தள்ளினார். பின்னால் இன்னும் பக்கங்கள் இருந்தன. இணைப்பு என்று தலைப்பு. தேர்வு மைய வரைபடம் ஒன்று. போன வருடத்துத் தேர்ச்சி விவரம் ஒன்று. அதற்கு அடுத்து, பொடி எழுத்தில் ஒரு கட்டம்: 'சிறப்பு ஏற்பாடு தேவைப்படும் மாணவர்கள்'.

"அந்தப் பக்கத்தைப் படிச்சப்ப கடைசி நாளைத்தான் மொதல்ல தேடினேண்ணா" என்றார் என்னிடம். "அதுக்கும் கடைசி நாள் அதே வெள்ளிதான்."

அந்தப் பக்கத்தில் 'பள்ளி அளவிலான சலுகைகள் வாரியத் தேர்வுக்குப் பொருந்தா' என்று ஒரு வரி இருந்தது. அதை அப்படியே தூக்கிக் குழுவில் போட்டிருக்கலாம். போடவில்லை. தனக்கு அந்த வரி சரியாகப் புரிந்ததா என்று பார்க்க வகுப்பு டீச்சருக்குப் போன் செய்தார். ஏற்கெனவே அனுமதி வாங்கியவர்களும் மறுபடி எழுதிக் கொடுக்கணுமா, வேண்டாமா? நேராகக் கேட்டார்.

"கொடுத்தே ஆகணும்" என்றார் டீச்சர். "நம்ம அனுமதி நம்ம பள்ளிக்கூடத்துக்குத்தான். ஐயோ, நான் அந்தப் பக்கத்துக்கே போகலையே! டீ ஆறுதுன்னு பின்னாடியிருந்து சத்தம் போட்டாங்க, நன்றியைப் போட்டு முடிச்சுட்டேன். நீங்க உடனே போடுங்கம்மா. நானும் எனக்குத் தெரிஞ்ச பிள்ளைங்க வீட்டுக்குப் பேசுறேன்."

காலையில் அனுப்பிய செய்தியிலேயே ஒரு வரியைச் சேர்த்துத் திருத்தியிருந்தால் குட்டு வெளியே தெரிந்திருக்காது. நான் இதைக் கேட்டபோது அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "திருத்தினா போன்ல மணி அடிக்காதுண்ணா. காலைல படிச்சவங்க அதைத் திரும்பிப் பாப்பாங்களா? எனக்கு மானம் போகக் கூடாதுன்னு பாத்தா, யாரோ ஒரு பிள்ளைக்குப் பரீட்சை போகும்." கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, புதிதாக எழுதினார்.

அப்போது நான் டிப்போவில் இருந்தேன். அடுத்த நடைக்கு வண்டி எடுக்க வேண்டும், கையில் டீ. போன் மணி அடித்தது.

"காலைச் செய்தியில் விடுபட்டது. சிலருக்கு மட்டும், ஆனால் அவர்களுக்கு அவசரம்.
உங்கள் பிள்ளைக்குப் பொதுத் தேர்வில் பெரிய எழுத்து வினாத்தாள், கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள், இதில் எது வேண்டுமென்றாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.
முன்பு பள்ளியில் வாங்கிய அனுமதி இந்தத் தேர்வுக்குச் செல்லாது. டீச்சரிடம் கேட்டு உறுதி செய்துவிட்டேன்.
வேண்டியவை: இந்த வருடம் வாங்கிய டாக்டர் சான்றிதழ். பள்ளி ஆபீஸில் கொடுக்கும் படிவம்.
கடைசி நாள்: வரும் வெள்ளி மதியம்.
சந்தேகத்தைக் குழுவில் கேட்க வேண்டாம். பிள்ளையின் விஷயம் எல்லாருக்கும் தெரிய வேண்டியதில்லை. டீச்சருக்கு நேராகப் பேசுங்கள்.
விட்டது என் தவறு."

'முன்பு வாங்கிய அனுமதி செல்லாது' என்ற வரியில் என் கண் நின்றுவிட்டது. தெரிஞ்ச கேள்விதாம்ப்பா எல்லாம் என்று தட்டைத் தள்ளிய பிள்ளையின் முகம் முன்னால் வந்தது. எங்களிடம் இருந்த சான்றிதழ் எட்டாம் வகுப்பில் வாங்கியது. டீயை அப்படியே வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மெக்கானிக், "என்னண்ணே, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றான். போனை அவனிடம் நீட்டினேன். படித்தான். அவனுக்குப் பள்ளிக்கூடமும் தெரியாது, என் மகளையும் தெரியாது. ஒரே மூச்சில் படித்துவிட்டு, "வெள்ளி மதியம். புது சர்டிபிகேட். அப்ப நீங்க கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும்ணே, இங்க என்ன பண்றீங்க?" என்றான். அப்படிப் புரிந்தது அவனுக்கு.

டீச்சரும் மாலையில் பேசினார். ஆனால் அதற்குள் நான் மனைவிக்குச் சொல்லி, அவள் ஆஸ்பத்திரியில் யார் யாரிடமோ கெஞ்சி, கண் பிரிவில் புதன்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாள். மாலைவரை காத்திருந்தால் அந்த இடமும் போயிருக்கும், அதற்கடுத்து அடுத்த வாரம்தான் என்றார்கள். மெக்கானிக் டிப்போ மேனேஜரிடம் போய் எனக்காக மல்லுக்கு நின்று மாற்று டிரைவரை ஏற்பாடு செய்தான்.

புதன்கிழமை டாக்டர் மகளின் கண்ணைச் சோதித்தார். எழுத்துப் பலகையைக் காட்டி, "கடைசி வரி தெரியுதாம்மா?" என்றார். "அங்க வரியா இருக்கு? நான் பலகைக்கு பார்டர்னு நெனச்சேன்" என்றாள் இவள். டாக்டர் சிரித்துவிட்டார். மறுநாள் சான்றிதழ் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் திறப்பதற்கு முன்பே வாசலில் போய் நின்றேன். படிவத்தைப் பார்த்துவிட்டு அலுவலர், "நல்ல நேரத்துல வந்தீங்க, மதியத்தோட மொத்தமா அனுப்பிடுறோம்" என்றார். கால் அப்போதுதான் தரையில் பட்டது.

பள்ளிக்கூடத்திலிருந்து நேராக மருந்துக்கடைக்குப் போனேன். உள்ளே நாலைந்து பேர் வரிசை. நானும் நின்றேன். என் முறை வந்தது.

"சொல்லுங்கண்ணா, என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. அந்த ரெண்டாவது மெசேஜ் போட்டீங்கல்ல, சிலருக்கு மட்டும்னு. அந்தச் சிலர்ல ஒருத்தன் நான்."

கையில் இருந்த மாத்திரைப் பட்டையைக் கீழே வைத்தார். "அப்ப, அது உங்க பொண்ணா?"

"ஆமா. இப்பதான் எழுதிக் கொடுத்துட்டு வர்றேன். வாங்கிட்டாங்க."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அளந்து பேசுகிறவர் அன்றைக்கு அளவை மறந்தார். "திங்கக்கிழமைலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லண்ணா. யாரா இருக்கும், படிச்சிருப்பாங்களா, ஓடியிருப்பாங்களான்னு. டீச்சர்கிட்டயோ என் பையன்கிட்டயோ கேட்டா பேரு சொல்லுவாங்க. ஆனா நான் கேக்கக் கூடாதில்ல? வகுப்புல அம்பது பிள்ளைங்க, ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோதானேன்னு காலைல அந்தப் பக்கத்தைப் பாத்திருந்தாலும் நானே விட்டிருப்பேன். பாக்காம விட்டதால பொழச்சேன், பாத்துட்டு விட்டிருந்தா?" இப்படித்தான் ஆரம்பித்து, சீட்டின் பின்பக்கம், 'நன்றி' ஸ்லைடு, டீச்சருக்குப் போன் என்று நான் மேலே எழுதியதெல்லாம் சொன்னார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் இருமிப் பார்த்தார்கள். மருந்துக்கடையில் இருமினால் யார் பொருட்படுத்துகிறார்கள்?

"ரொம்ப நன்..." என்று ஆரம்பித்தேன்.

"அடுத்து யாருங்க?" என்றார் என் தலைக்கு மேலே பார்த்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். சட்டம் கடையிலும் உண்டு போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அவருடைய செய்திகளில் கடைசியில் 'சிலருக்கு மட்டும்' என்று ஒரு வரி கட்டாயம் வரும். ஒன்றும் இல்லையென்றால், 'சிலருக்கு மட்டும்: இந்தமுறை எதுவும் இல்லை, கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டேன்' என்று எழுதுவார். குழுவில் எதற்கும் கேள்வி கேட்கிற ஒருவர், "இல்லாததை எதுக்கும்மா எழுதறீங்க?" என்று கேட்டார். "பாத்தேனா பாக்கலையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பதில் வந்தது. டீச்சரும் மாறிவிட்டார். அடுத்த கூட்டத்தில் 'நன்றி' ஸ்லைடு வந்ததும் நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. "உக்காருங்க, இது நன்றி இல்ல, இடைவேளை" என்றாராம்.

தேர்வு வந்தது. முதல் நாள் நான் மைய வாசலில் மரத்தடியில் நின்றேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்து, கலைந்து, வாசல் காலியாகிவிட்டது. கூடுதல் நேரம் என்றால் அப்படித்தான் என்று தெரிந்தும் வாசலுக்கும் மரத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் ஒருத்தியாக வந்தாள். தூரத்திலிருந்தே கையை அகல விரித்துக் காட்டினாள்.

"இத்தாம் பெருசுப்பா தாளு! மேஜையே பத்தல. மேற்பார்வைக்கு நின்ன சார் அவரோட கண்ணாடியைக் கழட்டிட்டு என் தாளைப் படிக்கிறாரு."

"எப்படிம்மா எழுதின?"

"எல்லாம் தெரிஞ்ச கேள்விதாம்ப்பா" என்றாள்.

அதே வார்த்தை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில் அப்பா அழுகிறாரே என்று அவளுக்கு வெட்கம். தண்ணீர்ப் பாட்டிலை என் கையில் திணித்து, "குடிங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். பார்க்க அங்கே ஒரு காவலாளியும் ஒரு நாயும்தான் இருந்தன.

கடைசித் தேர்வு முடிந்த மாலை. மூன்று பேரும் வீட்டில் ஒன்றாக இருந்த அபூர்வமான நாள். குழுவைத் திறந்தேன். அன்றைக்கு வந்த செய்தி ஒன்றே ஒன்று: புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும் தேதி, கிழமையோடு. அதற்குக் கீழே சுத்தமாக வெற்றிடம். ஒரு பூங்கொத்து கிடையாது. என்னால் தாங்க முடியவில்லை. அழிப்பார் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். மகளின் பெயரை எழுதவில்லை, விஷயத்தையும் எழுதவில்லை. ஒரே ஒரு சொல், நன்றி. அனுப்பிவிட்டேன்.

"போச்சு" என்றாள் என் மனைவி. "சும்மா இருக்க மாட்டீங்களே."

நாங்கள் மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வழக்கத்தைவிட நேரமானது போலத் தோன்றியது. பிறகு என் சொல் மறைந்தது. அந்த இடத்தில், குழு நிர்வாகி இதை நீக்கிவிட்டார் என்ற சாம்பல் வரி வந்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் போன் மறுபடி அடித்தது. குழுவில் இல்லை, எனக்குத் தனியாக. மகள் போனைப் பிடுங்கி, எழுத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, எங்கள் இருவருக்கும் படித்துக் காட்டினாள்.

"பாத்துட்டேன்ணா. பாத்த பிறகுதான் அழிச்சேன்."